உள்ளிருந்து திறக்கும் கதவு

```
ping 8.8.8.8 -c 2
```

கணினி நிர்வாகிகள் தினமும் தட்டுகிற சாதாரணக் கட்டளை இது. கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வருக்கு இரண்டு முறை குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்ப்பார்கள். பதில் வந்தால் இந்த இயந்திரத்திலிருந்து இணையத்துக்கு வழி இருக்கிறது என்று பொருள். 2025-ஆம் ஆண்டின் நடுவில், பல நிறுவனங்களின் சம்பளமும் கொள்முதலும் கணக்கும் ஓடிக்கொண்டிருந்த ஆரக்கிள் ஈ-பிசினஸ் சூட் சர்வர்களில் இதே கட்டளை தட்டப்பட்டது. தட்டியவர்கள் அந்த நிறுவனங்களின் ஊழியர்கள் அல்லர்.

கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்த அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், திருடர்கள் உள்ளே புகுந்ததும் கொடுத்த கட்டளைகளின் பட்டியல் இருக்கிறது. இந்த `ping` அதில் ஒன்று. அதன் பக்கத்திலேயே `arp -a`, `netstat -an`, `cat /etc/hosts` போன்றவையும் இருக்கின்றன. இவை எல்லாம் அக்கம்பக்கத்தில் எந்தெந்த இயந்திரங்கள் இருக்கின்றன, இந்த சர்வர் யார் யாரோடு பேசுகிறது என்று துழாவுகிற கட்டளைகள். மொத்தத்தில், உள்ளே வந்தவனுக்கு இரண்டே கேள்விகள்தான். இங்கிருந்து வெளியே போக முடியுமா? பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஈ.ஆர்.பி. சர்வர்களை நெட்வொர்க்கில் எங்கே வைப்பது, அவற்றைச் சுற்றி எப்படி வேலி போடுவது என்பதற்கான பதில் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். ஈ-பிசினஸ் சூட் என்பது ஆரக்கிளின் பழைய, பெரிய ஈ.ஆர்.பி. தொகுப்பு. பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளே ஊழியர்கள் பயன்படுத்துவது. ஆனாலும் பலர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் திறந்து வைத்திருப்பார்கள். பொருள் வழங்குகிறவர்கள் தங்கள் ஆர்டரையும் பில்லையும் வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வாசல், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வாசல் என்று தேவைகள் இருக்கின்றன. அந்த வாசல்களைத் தாங்கும் அதே மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. CVE-2025-61882 என்று அதற்கு எண். பத்துக்கு 9.8 என்ற ஆபத்து மதிப்பு. பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல், வெளியிலிருந்து அனுப்பும் வெப் கோரிக்கைகளை மட்டும் வைத்தே சர்வருக்குள் கட்டளை ஓட்ட முடிந்தது.

அறிக்கையின்படி அந்த ஓட்டையைப் பயன்படுத்தியது ஆகஸ்ட் 9-ஆம் தேதியளவிலேயே தொடங்கிவிட்டது. சந்தேகத்துக்கிடமான நடமாட்டம் ஜூலை 10 முதலே தெரிகிறது. செப்டம்பர் 29 முதல் நிறுவன அதிகாரிகளுக்கு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன, க்ளாப் என்ற பெயரில். ஆரக்கிள் பேட்ச் வெளியிட்டது அக்டோபர் 4-ஆம் தேதி. ஆகஸ்ட் 9-லிருந்து எண்ணினால் 56 நாட்கள். ஒழுங்காக மாதாமாதம் பேட்ச் போடுகிற நிர்வாகிக்கும் அந்த 56 நாட்களில் போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதில் தன் இன்றைய, முன்னாள் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களுமாக 9,720 பேரின் விவரங்களை இழந்தது. வங்கிக் கணக்கு எண்களும் அதில் அடக்கம்.

பேட்ச் இல்லாத அந்த நாட்களில் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அதன் நெட்வொர்க்கின் அமைப்பு மட்டுமே. எப்படி என்பதற்கு, தாக்குதலின் ஒரு கட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

ஈ-பிசினஸ் சூட்டில் பில், ரிப்போர்ட் போன்றவற்றுக்கு அச்சு வடிவம் கொடுக்க டெம்ப்ளேட்டுகள் உண்டு. அவை டேட்டாபேஸில் `XDO_TEMPLATES_B` என்ற அட்டவணையில் பதிவாகும். திருடர்கள் ஒரு போலி டெம்ப்ளேட்டை அங்கே ஏற்றினார்கள். அதற்குள் ஜாவா நிரல் ஒளிந்திருந்தது. பிறகு அந்த டெம்ப்ளேட்டுக்கு முன்னோட்டம் காட்டச் சொன்னார்கள். சர்வர் முன்னோட்டம் காட்டப் போய், ஒளிந்திருந்த நிரலை ஓட்டிவிட்டது. டிஸ்க்கில் புதுக் கோப்பு எதுவும் உருவாகவில்லை. அதனால் கோப்புகளைத் துழாவும் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அகப்பட ஒன்றுமில்லை.

இப்படி ஓடிய நிரல்களில் ஒன்று மிகச் சிறியது. அதனால் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. திருடர்களின் சர்வருக்குத் தொலைபேசி போட்டு, அடுத்த கட்ட நிரலை வாங்கி வருவதுதான் அதன் வேலை. அந்தப் பேச்சுக்கு அது போட்டுக்கொண்ட வேஷம் டி.எல்.எஸ். 3.1. அப்படி ஒரு பதிப்பே உலகத்தில் இல்லை. இன்னொரு இடத்தில் `/bin/bash` கட்டளைத் திரையையே வெளியில் இருந்த ஒரு முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்த போர்ட் 53. டி.என்.எஸ்.-க்கு உரிய எண் அது. பல ஃபயர்வால்களில் "53 எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்று விதி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டிலும் இணைப்பைத் தொடங்குவது உள்ளே இருக்கும் சர்வர். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க எத்தனை பூட்டு போட்டாலும் இந்தக் கதவு உள்ளிருந்து திறக்கிறது. ஒரு கணக்குச் சர்வருக்கு இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு முகவரியோடு பேச வேண்டிய அவசியம் என்ன? ஒன்றுமில்லை. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்களில் உள்ளே வரும் வழிக்கு நூறு விதிகளும், வெளியே போகும் வழிக்கு "எல்லாம் போகலாம்" என்ற ஒரே விதியும் இருக்கும். தாக்குதலுக்குப் பிறகு ஆய்வாளர்கள் சொன்ன முக்கியமான அறிவுரைகளில் ஒன்று, ஈ-பிசினஸ் சூட் சர்வர்களிலிருந்து இணையத்துக்குப் போகும் தேவையற்ற போக்குவரத்தை அடைத்துவிடுங்கள் என்பதே.

அடைப்பது ஏன் நடப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஈ.ஆர்.பி. சர்வருக்கு வெளியே போக நியாயமான தேவைகள் சில இருக்கின்றன. நம் நாட்டிலேயே எடுத்துக்கொண்டால், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். ஈ.ஆர்.பி.யில் பில் போட்டதும் அது அரசின் பதிவுத் தளத்துக்குப் போய், பதிவு எண்ணையும் கியூ.ஆர். குறியீட்டையும் வாங்கி வர வேண்டும். வங்கிக்குப் பணப் பட்டுவாடா கோப்பு போக வேண்டும். மின்னஞ்சல் போக வேண்டும். இவற்றை வேலை செய்ய வைக்க அவசரப்படும் நாளில், யாரோ ஒருவர் முழு வழியையும் திறந்துவிடுகிறார். வேலை நடக்கிறது. பிறகு அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக்கு ஒரு நடுத்தர நிறுவனத்தின் அமைப்பை வரைந்து பார்ப்போம். ஊழியர்களுக்கு ஓர் அப்ளிகேஷன் சர்வர். பொருள் வழங்குகிறவர்களுக்கு வெளியிலிருந்து திறக்கும் இன்னோர் அப்ளிகேஷன் சர்வர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டேட்டாபேஸ் சர்வர். பல இடங்களில் இவை மூன்றும் ஊழியர்களின் மேசைக் கணினிகள் இருக்கும் அதே நெட்வொர்க்கிலேயே இருக்கும். சில இடங்களில் அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் ஒரே இயந்திரத்தில்கூட இருக்கும்.

இதைப் பிரித்து அடுக்கினால், முதலில் இணையத்தை ஒட்டிய எல்லை மண்டலம், 10.20.10.0. இதில் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி மட்டும் நிற்கிறது. வெளியிலிருந்து வருபவர் யாராக இருந்தாலும் இதன் 443 போர்ட்டைத்தான் தொட முடியும். அதற்குப் பின்னால் 10.20.21.0-இல் வழங்குநர்களுக்கான அப்ளிகேஷன் சர்வர். தனியே 10.20.20.0-இல் ஊழியர்களுக்கான அப்ளிகேஷன் சர்வர். எல்லாவற்றுக்கும் பின்னால் 10.20.30.0-இல் டேட்டாபேஸ் மட்டும். நிர்வாகிகள் நுழைய 10.20.40.0-இல் ஒரே ஒரு இடைவழிச் சர்வர். டி.என்.எஸ்., மின்னஞ்சல், வெளியே போகும் பிராக்ஸி ஆகியவை 10.20.50.0-இல்.

ரிவர்ஸ் பிராக்ஸி வழங்குநர் சர்வரின் வெப் போர்ட்டோடு மட்டும் பேசலாம். இரண்டு அப்ளிகேஷன் சர்வர்களும் டேட்டாபேஸின் 1521 போர்ட்டோடு பேசலாம். இடைவழிச் சர்வரிலிருந்து மட்டும் எஸ்.எஸ்.எச். போகலாம். மேசைக் கணினி எதுவும் 1521-ஐத் தொடக்கூடாது, எக்ஸெலில் நேரடியாக டேட்டாவை இழுத்துப் பழகிய கணக்கு அதிகாரியின் கணினி உட்பட. அவருக்கு உண்மையாகவே தேவை இருந்தால், ரிப்போர்ட்டுக்கென்று தனி நகல் டேட்டாபேஸ் கொடுக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நெட்வொர்க்கை வி-லேன்களாகப் பிரித்துவிட்டால் வேலி போட்டாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வி-லேன் என்பது தரையில் கோடு கிழிப்பது போன்றது. அந்த வி-லேன்களை எல்லாம் ஒரே லேயர்-3 சுவிட்ச் இணைத்து, எந்தத் தடை விதியும் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்திவிட்டால், கோடு இருக்கிறது, தடுப்பு இல்லை. மண்டலங்களுக்கிடையே போகும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஃபயர்வாலைத் தாண்டிப் போனால்தான் அது மண்டலம். இன்னொரு பொறி பேக்கப் நெட்வொர்க். எல்லாச் சர்வர்களிலும் இரண்டாவது நெட்வொர்க் அட்டை ஒன்றைச் செருகி, இரவில் பேக்கப் எடுக்க ஒரு தனிக் கம்பியில் கோத்திருப்பார்கள். முன்வாசலில் பல மண்டலங்கள், கொல்லைப்புறத்தில் எல்லோரும் ஒரே முற்றத்தில்.

கொல்லைப்புறம் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஜூன் 27 காட்டியது. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற அழிவு நிரல் பரவியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதில் சிக்கியது. ஒரு நாட்டில் தொடங்கியது, பிரிவுகள் இல்லாத நெட்வொர்க்கின் வழியே உலகெங்கும் இருந்த அதன் அலுவலகங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஓடியது. பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது என்று அதன் தலைவரே பின்னர் டாவோஸ் மேடையில் சொன்னார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டாவது கேள்விக்கு அந்த நெட்வொர்க் சொன்ன பதில், எல்லோரும் இருக்கிறார்கள் என்பதே.

வெளியே போகும் வழியை அடைக்கும் வேலையை அப்ளிகேஷன் சர்வரிலேயே தொடங்கலாம். லினக்ஸில் `nftables` விதிகள் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
table inet erp {
  chain out {
    type filter hook output priority 0; policy accept;
    oif "lo" accept
    ct state established,related accept
    ip daddr 10.20.30.10 tcp dport 1521 accept
    ip daddr 10.20.50.5 udp dport 53 accept
    ip daddr 10.20.50.8 tcp dport 3128 accept
    ip daddr 10.20.50.9 tcp dport 25 accept
    log prefix "erp-out: "
  }
}
```

மேலிருந்து கீழே படித்தால் இதில் புதிர் எதுவும் இல்லை. தனக்குள் பேசிக்கொள்வது, ஏற்கெனவே தொடங்கிய உரையாடலுக்குப் பதில் சொல்வது, டேட்டாபேஸ், நம்முடைய டி.என்.எஸ்., நம்முடைய பிராக்ஸி, நம்முடைய மின்னஞ்சல் சர்வர். இவற்றைத் தவிர வேறெங்கு போனாலும் லாகில் எழுது. கவனிக்க வேண்டியது மூன்றாவது வரி. அங்கே `policy accept` என்றுதான் இருக்கிறது. அதாவது இன்னும் எதையும் தடுக்கவில்லை, எழுதி மட்டும் வைக்கிறோம்.

முதல் நாளே தடுத்தால் என்ன நடக்கும் என்பது இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். கணக்கு முடிக்கும் இரவில் ஏதோ ஒரு வேலை நின்றுபோகும். மறுநாள் காலை ஃபயர்வாலையே யாராவது அணைத்துவிடுவார்கள். பிறகு அது திரும்ப வரவே வராது. அதனால் மாதக் கடைசி உள்ளிட்ட ஒரு முழு மாதமாவது லாகைச் சேர்க்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை ஓடும் வரிக் கோப்பு வேலைகள் இருந்தால் அவற்றையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். லாகில் வருகிற ஒவ்வொரு முகவரிக்கும், இது யார், எதற்காக, எந்த வேலை என்று ஒரு பதில் எழுதப்பட வேண்டும். பதில் கிடைத்தவற்றை விதியில் சேர்க்கலாம். பதில் கிடைக்காத முகவரி ஒன்று இருந்தால் அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்தப் பட்டியல் அடங்கிய பிறகு `accept` என்பதை `drop` ஆக்கலாம்.

இ-இன்வாய்ஸ் போன்ற தேவைகள் பிராக்ஸி வழியே போகட்டும். பிராக்ஸியில் தளத்தின் பெயரை வைத்து அனுமதி கொடுக்கலாம். அரசுத் தளம், வங்கியின் தளம் என்று நான்கைந்து பெயர்கள்தான் வரும். முகவரி எண்களை வைத்து ஃபயர்வாலில் அனுமதி கொடுத்தால், அந்தத் தளங்கள் எண்ணை மாற்றும்போதெல்லாம் பில் நிற்கும். பெயரை வெளியில் தேடுவதையும் பிராக்ஸியே செய்துவிடுவதால், அப்ளிகேஷன் சர்வருக்கு வெளி உலகப் பெயர்களே தெரிய வேண்டியதில்லை. போர்ட் 53 வழியாகத் தப்பிப்பதற்கு இதுவே விடை. அந்த எண் நம்முடைய ஒரே ஒரு சர்வருக்கு மட்டும் போகும், வேறெங்கும் போகாது.

ஒரு சிறு நுணுக்கம். `drop` செய்தால் இணைப்பு கேட்ட நிரலுக்கு எந்தப் பதிலும் கிடைக்காது. அது நேரம் முடியும்வரை காத்துக்கொண்டே நிற்கும், திரையில் பயனர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள் நெட்வொர்க்கில் `reject` கொடுத்தால் முடியாது என்ற பதில் உடனே போய்விடும். லாகில் "timed out" என்று வருகிறதா, "refused" என்று வருகிறதா என்பதைப் பார்த்தே ஃபயர்வால் தடுத்ததா, எதிர்ப்பக்கத்தில் சேவை இல்லையா என்று அனுபவமுள்ளவர்கள் ஊகிப்பார்கள். எது எங்கே என்று முன்பே தீர்மானித்து எழுதி வைத்துக்கொண்டால் நள்ளிரவில் குழப்பம் வராது.

அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே முதன்முறையாக ஃபயர்வால் வைப்பவர்களைப் பெரும்பாலும் ஒரு விசித்திரமான நோய் பிடிக்கும். இரவெல்லாம் நன்றாக இருக்கும். காலையில் முதலில் வருபவர் உள்ளே நுழைந்தால் திரை உறைந்து நிற்கும். சற்று நேரம் கழித்து எல்லாம் சரியாகிவிடும். காரணம் இது. அப்ளிகேஷன் டேட்டாபேஸோடு பல இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும். இரவில் யாரும் பயன்படுத்தாததால் அவை சும்மா கிடக்கும். குறிப்பிட்ட நேரம் சும்மா கிடக்கும் இணைப்பை ஃபயர்வால் தன் நினைவிலிருந்து அழித்துவிடும், இரு பக்கத்துக்கும் சொல்லாமல். காலையில் அப்ளிகேஷன் அந்தச் செத்த இணைப்பில் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். டேட்டாபேஸ் சர்வரின் `sqlnet.ora` கோப்பில் `SQLNET.EXPIRE_TIME=10` என்று ஒரு வரி சேர்த்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸ் எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். இணைப்பு உயிரோடு இருக்கும். இது தெரியாமல் ஃபயர்வாலே வேண்டாம் என்று எடுத்தவர்கள் உண்டு.

அதே கோப்பில் டேட்டாபேஸ் தனக்குத்தானே ஒரு காவலையும் வைத்துக்கொள்ளலாம்:

```
tcp.validnode_checking = YES
tcp.invited_nodes = (10.20.20.11, 10.20.21.12, 10.20.30.10)
```

இந்த மூன்று முகவரிகளைத் தவிர வேறு யார் 1521-க்கு வந்தாலும் டேட்டாபேஸின் லிசனர் திருப்பி அனுப்பிவிடும். மூன்றாவது முகவரி டேட்டாபேஸ் சர்வருடையதே. அதை விட்டுவிட்டால் அது தன்னையே உள்ளே விடாது. நடுவில் ஃபயர்வால் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஃபயர்வால் விதியை மாற்றுகிறவர் ஒருவர், டேட்டாபேஸைப் பார்ப்பவர் வேறொருவர். ஒருவரின் தவறு இன்னொருவரிடம் நின்றுவிடும்.

பூட்டை இறுக்குவதில் எல்லோரும் தள்ளிப்போடும் வேலை ஒன்று உண்டு. ஈ-பிசினஸ் சூட்டை நிறுவும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் டேட்டாபேஸில் ஒரு கணக்கு உருவாகும். பொதுப் பேரேட்டுக்கு `GL`, கொடுக்க வேண்டிய பாக்கிகளுக்கு `AP` என்று. அவற்றின் பாஸ்வேர்டும் வழக்கமாக அந்தப் பெயர்தான். நேரடியாக யாரும் அவற்றில் நுழைவதில்லை என்பதால் பத்து வருடம் ஆனாலும் அப்படியே கிடக்கும். எத்தனை கிடக்கின்றன என்பதை டேட்டாபேஸே சொல்லும்:

```
SELECT username FROM dba_users_with_defpwd;
```

வருகிற பட்டியல் நீளமாக இருந்தால் திகைக்க வேண்டாம். ஆனால் இந்தக் கணக்குகளை நேரடியாக டேட்டாபேஸில் மாற்றிவிடவும் கூடாது. ஈ-பிசினஸ் சூட் தன் பாஸ்வேர்டுகளைத் தனக்குள்ளும் ஒரு நகல் வைத்திருக்கிறது. அதற்கென்று ஆரக்கிள் கொடுத்திருக்கும் `FNDCPASS` அல்லது `AFPASSWD` வழியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அப்ளிகேஷன் தன் வீட்டுக்கே நுழைய முடியாமல் நிற்கும்.

இனி, இந்த வேலிகளால் முடியாதவற்றையும் சொல்லியாக வேண்டும்.

டேட்டாபேஸைத் தனி மண்டலத்தில் வைத்தது மேசைக் கணினிகளிலிருந்தும் பக்கத்துச் சர்வர்களிலிருந்தும் அதைக் காக்கிறது. அப்ளிகேஷன் சர்வரையே பிடித்துக்கொண்டவனிடமிருந்து காக்காது. `APPS` என்ற ஒரே கணக்கு வழியாக ஈ-பிசினஸ் சூட் எல்லா டேட்டாவையும் பார்க்கிறது. அப்ளிகேஷனுக்குள் நிற்பவன் அதே கண்ணால் எல்லாவற்றையும் பார்ப்பான். அவனுடைய கேள்விகள் நாம் அனுமதித்த அதே 1521 வழியாகத்தான் போகும். அதனால்தான், அவன் பார்த்ததை எடுத்துக்கொண்டு வெளியே போகும் வழி இவ்வளவு முக்கியமாகிறது.

அந்த அடைப்பும் முழுமையானதல்ல. 2025 தாக்குதலில் இன்னொரு வகை நிரலும் காணப்பட்டது. அது யாருக்கும் தொலைபேசி போடவில்லை. வெப் சர்வரின் நினைவகத்துக்குள் வடிகட்டி போல உட்கார்ந்து, குறிப்பிட்ட அடையாளத்தோடு வரும் கோரிக்கைக்காகக் காத்திருந்தது. வாடிக்கையாளர் வரும் அதே 443 வழியாகத் திருடனும் வருவான், அதே வழியாகப் பதிலையும் எடுத்துப் போவான். இதற்கு எதிரே நிற்பது ரிவர்ஸ் பிராக்ஸிதான். ஈ-பிசினஸ் சூட்டை இணையத்தில் வைப்பதற்கு ஆரக்கிள் தரும் வழிகாட்டியில், வெளி சர்வரில் தேவையான பக்கங்களை மட்டும் அனுமதித்து மற்றவற்றை மூடும் ஏற்பாடு உண்டு. வழங்குநர் பில் பார்க்கும் வாசலில் அச்சு டெம்ப்ளேட் நிர்வாகப் பக்கம் திறந்திருக்க வேண்டியதில்லை. மூடிய பக்கத்தில் இருக்கும் ஓட்டை, இன்னும் யாரும் கண்டுபிடிக்காததாக இருந்தாலும், வெளியிலிருந்து எட்டாது. பிராக்ஸியின் லாகில் ஒவ்வொரு பதிலின் அளவும் இருக்கும். ஆர்டர் பார்க்கும் பக்கத்திலிருந்து ஒரே முகவரிக்கு மணிக்கணக்கில் பெரிய பெரிய பதில்கள் போனால் அது வழங்குநர் அல்லர்.

ஈ-பிசினஸ் சூட் வைத்திருப்பவர்கள் அந்தப் பழைய தடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது:

```
SELECT template_code, creation_date
FROM xdo_templates_b ORDER BY creation_date DESC;
```

திருடர்கள் ஏற்றிய டெம்ப்ளேட்டுகளின் பெயர்கள் `TMP` அல்லது `DEF` என்று தொடங்கின. 2025 ஜூலைக்குப் பிறகு அப்படி ஒன்று, யாரும் உருவாக்கியதாக நினைவில்லாமல் இருந்தால், பேட்ச் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பேட்ச் புதிதாக நுழைவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே நுழைந்தவனை வெளியேற்றாது.

நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினிப் பிரிவை அழைத்து, இரண்டு சோதனைகளை உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு மேசைக் கணினியில் உட்கார்ந்து, டேட்டாபேஸ் சர்வரின் முகவரியைப் போட்டு:

```
nc -vz 10.20.30.10 1521
```

பிறகு அப்ளிகேஷன் சர்வரில், திருடர்கள் பயன்படுத்திய அதே வழியில்:

```
timeout 5 bash -c '</dev/tcp/8.8.8.8/53' && echo open
```

முதலாவதில் இணைப்பு கிடைத்துவிட்டாலோ, இரண்டாவதில் `open` என்று வந்துவிட்டாலோ, உங்கள் கணக்குகளும் ஊழியர்களின் வங்கி எண்களும் இருக்கும் அந்தச் சர்வருக்கு இன்னும் வேலி போடப்படவில்லை. லாக் எடுக்கும் அந்த ஒரு மாதத்தை இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.